புத்தகத்தில் 108.55, திரையில் 181.15: கடன் கணக்கு அட்டவணையில் பிழை தேடும் முறை

சுங்கை சிப்புட் பட்டணத்தின் ஓரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்குப் போகும் சாலையில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். மாதம் முழுதும் பொருளை எடுத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் மொத்தமாகவோ பாதியாகவோ கட்டுவார்கள். ஆளுக்கொரு 555 புத்தகத்தில் எழுதிவந்த இந்தக் கணக்கை நாங்கள் கூகல் ஷீட்ஸ் அட்டவணைக்கு மாற்றினோம். ஆனால் புத்தகத்தை நிறுத்திவிடவில்லை, ஒவ்வொருவரிடமும் அவருடைய பிரதி இன்றும் இருக்கிறது. கீழே சொல்லும் சோதனைகளில் பல, அந்தப் பிரதி இருப்பதால்தான் செய்ய முடிகின்றன. ஆகவே அட்டவணைக்கு மாறுகிறவர்கள் புத்தகத்தைக் கைவிட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அட்டவணையில் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே தாளில் இருக்கிறார்கள். தாளின் பெயர் கணக்கு. A நெடுவரிசையில் தேதி, B-யில் வாடிக்கையாளர் எண், C-யில் விவரம், D-யில் வாங்கிய தொகை, E-யில் கட்டிய தொகை, F-இல் அந்த வரி வரைக்குமான பாக்கி ஆகியவை வருகின்றன. பழைய புத்தகத்திலிருந்து கொண்டுவந்த பாக்கியை, முன்பாக்கி என்ற விவரத்துடன் D-யில் முதல் வரியாக எழுதியிருக்கிறோம். F2-இல் உள்ள சூத்திரம் இது. இதையே கீழுள்ள எல்லா வரிகளுக்கும் இழுத்துவிட வேண்டும்.

```
=ROUND(SUMIFS(D$2:D2,B$2:B2,B2)-SUMIFS(E$2:E2,B$2:B2,B2),2)
```

இந்த வரி வரை இந்த வாடிக்கையாளர் வாங்கியதை எல்லாம் கூட்டி, அதிலிருந்து அவர் கட்டியதை எல்லாம் கழித்து, இரண்டு தசம இடத்தில் நிறுத்து என்பது இதன் பொருள். ROUND ஏன் வேண்டும் என்பது கடைசிப் பகுதியில் விளங்கும். எந்தத் திருத்தத்தைத் தொடங்குவதற்கு முன்னும் கோப்பை ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாடிக்கையாளரின் புத்தகமும் திரையும் ஒத்துப்போகவில்லை

அதிகம் வருவதும், கடைக்காரரின் பெயரைக் கெடுப்பதும் இந்தப் பிழைதான். K014 என்ற எண்ணுள்ள வாடிக்கையாளர் 2025 மார்ச் முடிவில் வந்து, "அண்ணே, என் புத்தகத்துல நூத்தெட்டு வெள்ளி அம்பத்தஞ்சு காசுதான் இருக்கு, நீங்க நூத்தெண்பதுக்கு மேல சொல்றீங்களே" என்று கேட்டார். திரையில் 181.15 இருந்தது. அவருடைய புத்தகத்தில் இருந்த கணக்கைக் கீழே தருகிறேன்.

| தேதி | விவரம் | வாங்கியது | கட்டியது | பாக்கி |
|---|---|---|---|---|
| 01/03 | முன்பாக்கி | 84.30 | | 84.30 |
| 03/03 | மளிகை | 46.20 | | 130.50 |
| 08/03 | ரொக்கம் | | 100.00 | 30.50 |
| 12/03 | மளிகை | 38.75 | | 69.25 |
| 19/03 | மளிகை | 27.40 | | 96.65 |
| 25/03 | டூயிட்நவ் | | 50.00 | 46.65 |
| 29/03 | மளிகை | 61.90 | | 108.55 |

முதலில் இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் பிழையின் வகையைக் காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் ஏதேனும் ஒரு வரியின் தொகைக்குச் சரியாகச் சமமாக இருந்தால், அந்த வரி விடுபட்டிருக்கும், இருமுறை ஏறியிருக்கும், அல்லது கணினி அதைக் கூட்டாமல் விட்டிருக்கும். வித்தியாசத்தின் பாதி ஒரு வரிக்குச் சமமாக இருந்தால், கட்டிய தொகை வாங்கிய பக்கத்தில் விழுந்திருக்கும், அல்லது வாங்கியது கட்டிய பக்கத்தில் விழுந்திருக்கும். காசுகளில் எழுதிப் பார்க்கும்போது வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 61.90 என்பதை 69.10 என்று தட்டினால் வித்தியாசம் 720 காசு, அது 9-ஆல் வகுபடும். இந்த மூன்றும் கணக்கப்பிள்ளைகள் காலங்காலமாகக் கையாளும் சோதனைகளே. அட்டவணைக்கும் அவை அப்படியே பொருந்துகின்றன.

K014 கணக்கில் வித்தியாசம் 72.60. அந்தத் தொகையில் எந்த வரியும் இல்லை, அதன் பாதியான 36.30-உம் இல்லை. 7260 என்பது 9-ஆல் வகுபடவும் இல்லை. இப்படி மூன்று சோதனைகளும் கைவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன என்று கொள்ள வேண்டும். அப்போது மொத்தத்தை விட்டுவிட்டு, புத்தகமும் திரையும் முதன்முதலாகப் பிரியும் வரியைத் தேட வேண்டும். வடிகட்டியில் K014-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பாக்கி நெடுவரிசையை வரி வரியாக ஒப்பிட்டபோது, 12/03 வரை இரண்டும் ஒன்றாகவே வந்தன. 19/03 அன்று புத்தகத்தில் 96.65 இருக்க, திரையில் முந்தைய வரியின் 69.25 அப்படியே நின்றது. அதாவது 27.40 கூட்டப்படவே இல்லை.

அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தால் 27.40 என்பதற்குப் பதிலாக RM27.40 என்று தட்டப்பட்டிருந்தது. கோப்பின் அமைப்பு அந்த முன்னொட்டைப் பணக்குறியாக அறியாதபோது, அது தொகையாக ஏறாமல் வெறும் எழுத்தாக ஏறிவிடும். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். ஆனால் நெடுவரிசையை நீங்களே நடுவிலோ வலப்பக்கமோ ஒதுக்கியிருந்தால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். SUMIFS எழுத்தைக் கண்டால் எந்த எச்சரிக்கையும் தராமல் தாண்டிப் போய்விடுகிறது. முந்தைய பாக்கியோடு நேராகக் கூட்டும் சூத்திரமாக இருந்திருந்தால் #VALUE! என்று கத்தியிருக்கும். இந்த மௌனமே SUMIFS முறையின் பெரிய ஆபத்து என்பதால், தொகை நெடுவரிசைகளுக்கு வெளியே ஓரிடத்தில் கீழ்க்கண்ட சோதனையை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். D-க்கு ஒன்று, E-க்கு ஒன்று.

```
=COUNTA(D2:D5000)-COUNT(D2:D5000)
```

நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து எண் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையைக் கழிப்பதால், விடை எப்போதும் 0 ஆக இருக்க வேண்டும். 1 என்று காட்டினால் எங்கோ ஒரு தொகை எழுத்தாக நிற்கிறது என்று பொருள்.

அந்தக் கட்டத்தை 27.40 என்று திருத்தியதும் திரையின் பாக்கி 208.55 ஆகிவிட்டது. பிழையைத் திருத்திய பிறகு வித்தியாசம் கூடுவதைக் கண்டு பலர் பயந்து, திருத்தத்தையே மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. இப்போது வித்தியாசம் சரியாக 100.00. முழுத்தொகையை முதலில் பார்த்தால் 08/03 அன்று கட்டிய 100.00 இருக்கிறது, ஆனால் அந்த வரியில் திரையும் புத்தகமும் ஒத்துப்போகின்றன என்று முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே பாதியான 50.00-ஐத் தேட வேண்டும். 25/03 அன்று டூயிட்நவ் வழியாக வந்த 50 வெள்ளி, கைப்பேசியின் சிறிய திரையில் பதிந்தபோது ஒரு கட்டம் தள்ளி D-யில் விழுந்திருந்தது. அதை E-க்கு மாற்றியதும் 108.55 வந்தது. 100 வெள்ளி கூடுதலும் 27.40 குறைவும் சேர்ந்துதான் அந்த 72.60 என்ற விளங்காத தொகையை உண்டாக்கியிருந்தன.

இது திரும்ப வராமல் இருக்க, D, E நெடுவரிசைகளுக்கு Data validation அமைப்பில் 0-க்கு மேற்பட்ட எண்ணை மட்டும் ஏற்குமாறு விதி வைத்தோம். C-யில் மளிகை, ரொக்கம், டூயிட்நவ் முதலிய சில சொற்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்தோம். ரொக்கம் அல்லது டூயிட்நவ் என்றிருக்கும் வரியில் D நிரம்பியிருந்தால் அந்த வரி மஞ்சளாகும்.

அறிகுறி: ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பாக்கிகள்

பெயரை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்களுக்கே இது வரும். வள்ளியம்மா என்றும் வள்ளியம்மாள் என்றும் எழுதினால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். தமிழில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோ என்ற எழுத்தின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இடுகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் உள்ளே வேறு வேறாக இருக்கும். `=LEN(B2)` என்று கேட்டால் கோவிந்தன் என்ற பெயருக்கு ஒரு வரியில் 9 என்றும் மற்றொரு வரியில் 10 என்றும் வந்தால் காரணம் இதுதான்.

தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பதும் சாதாரணம் என்பதால், பெயரை விட்டு எண்ணுக்கு மாறுவதே நிரந்தரத் தீர்வு. அந்த எண்ணின் முன்னால் K போன்ற ஓர் எழுத்து இருக்கட்டும். வெறும் 014 என்று வைத்தால் SUMIFS அதையும் 14-ஐயும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: இடையில் ஒரு வரியைச் சேர்த்தேன், பாக்கி மாறவில்லை

முந்தைய வரியின் பாக்கியோடு கூட்டும் பழைய வகைச் சூத்திரம் உங்கள் கோப்பில் இருக்கிறது. 4-ஆம் வரிக்கும் 5-ஆம் வரிக்கும் நடுவே புதிய வரி நுழைத்தால், கீழே நகர்ந்த வரி இன்னமும் F4-ஐயே பார்க்கும், புதிய வரியைப் பார்க்காது. வரியை நீக்கினால் #REF! வரும். மேலே கொடுத்த சூத்திரத்தை F2-இல் இட்டு, கடைசி வரி வரை மறுபடியும் இழுத்துவிட்டால் போதும். வரியை இடையில் நுழைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டு, மறந்துபோன கொள்முதலையும் அதன் உண்மையான தேதியுடன் கடைசியில் எழுதுவது இன்னும் நல்லது.

அறிகுறி: பாக்கி சரியாக இருக்கிறது, நினைவூட்டல் தேதிகள் தாறுமாறாக இருக்கின்றன

F நெடுவரிசை தேதியைப் பார்ப்பதே இல்லை, வரிகளின் வரிசையை மட்டுமே பார்க்கிறது. ஆகவே பாக்கி சரியாக வந்துவிட்டது என்பதால் தேதிகளும் சரி என்று நம்பக் கூடாது.

மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். அதனால் எங்கள் நினைவூட்டல் நாள், பொருள் வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதத்தின் 8-ஆம் தேதி. வாங்கிய நாளோடு 30-ஐக் கூட்டுவது தவறு, அது சம்பளத்துக்கு முன்னாலும் விழும், காசு செலவாகிப்போன மாதக் கடைசியிலும் விழும். G நெடுவரிசையில் இந்தச் சூத்திரத்தை வைத்திருந்தோம்.

```
=DATE(YEAR(A2),MONTH(A2)+1,8)
```

12/03 அன்று வாங்கியதற்கு 8 ஏப்ரல் 2025 வர வேண்டிய இடத்தில் 8 ஜனவரி 2026 வந்தது. 19/03, 25/03, 29/03 ஆகிய வரிகளில் #VALUE! வந்தது. இந்த இரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்து வந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி. கோப்பு அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துத் தேதியைப் படிக்கிறது. 12/03 அதற்கு டிசம்பர் 3. 19-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 19/03-ஐ அது தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடுகிறது. 03/03 மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான் என்பதால், முதல் சில நாள்களை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

உறுதிசெய்ய, A நெடுவரிசையை மாதத்தின் பெயர் தெரியும் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு File, Settings என்று போய், Locale என்ற இடத்தில் நாளை முதலில் எழுதும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் United Kingdom என்று வைத்தோம். இனிமேல் தட்டும் தேதிகள் சரியாக ஏறும். ஏற்கெனவே தவறாக ஏறியவை மட்டும் தானாகத் திருந்தாது, டிசம்பர் 3 டிசம்பர் 3-ஆகவே இருக்கும். அந்தப் பழைய வரிகளுக்கு, ஒரு காலியான நெடுவரிசையில் இதை இடுங்கள்.

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

தேதியாக ஏறியவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறது. எழுத்தாக நின்றவற்றை, 19/03/2025 என்று முழு வடிவில் தட்டப்பட்டிருந்தால், பிரித்துத் தேதியாக்குகிறது. விடையை மதிப்பாக மட்டும் நகலெடுத்து A-யில் ஒட்டிவிட்டு, அந்தத் துணை நெடுவரிசையை உடனே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே திருத்திய வரியில் மறுபடி இதைச் செலுத்தினால் 12 மார்ச் மீண்டும் 3 டிசம்பர் ஆகிவிடும். 25 மார்ச் என்பது 2025-இன் 25-ஆவது மாதம் என்று எண்ணப்பட்டு 2027 ஜனவரிக்குப் போய்விடும். Locale மாற்றிய நாளைக் கோப்பில் எங்காவது குறித்துவைத்தால், எந்த வரி வரை திருத்த வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

அறிகுறி: தினமும் வாங்குபவருக்கு நினைவூட்டல் வருவதே இல்லை

வாடிக்கையாளருக்கு ஒரு வரி என்று தனித்தாள் வைத்து, கடைசியாக வாங்கிய தேதியிலிருந்து நினைவூட்டல் நாளைக் கணக்கிடுபவர்கள் இந்தப் பிழையில் விழுவார்கள். நாங்களும் விழுந்தோம். ஏப்ரல் 5-ஆம் தேதி ஒருவர் 22 வெள்ளிக்குப் பொருள் வாங்கினால், அவருடைய மார்ச் மாதப் பாக்கிக்கும் சேர்த்து நினைவூட்டல் மே 8-க்குத் தள்ளிப்போகிறது. மே மாதம் வாங்கினால் ஜூனுக்குப் போகும். எப்போதோ வந்து வாங்குபவர் உடனே சிக்குவார், மாதக்கணக்கில் பாக்கி வைத்துக்கொண்டு அன்றாடம் வாங்குபவர் சிக்கவே மாட்டார்.

இங்கே சூத்திரத்தைவிட, கேட்கும் கேள்விதான் தவறு. கடைசியாக எப்போது வாங்கினார் என்று கேட்காமல், போன மாதக் கடைசி வரை வாங்கியதில் இன்னும் எவ்வளவு கட்டப்படவில்லை என்று கேட்க வேண்டும். தனித்தாளில் A-யில் வாடிக்கையாளர் எண் இருந்தால், பழைய பாக்கி இவ்வாறு வரும்.

```
=ROUND(SUMIFS('கணக்கு'!D:D,'கணக்கு'!B:B,A2,'கணக்கு'!A:A,
 "<"&DATE(YEAR(TODAY()),MONTH(TODAY()),1))
 -SUMIFS('கணக்கு'!E:E,'கணக்கு'!B:B,A2),2)
```

வாங்கியதில் இந்த மாதத்துக்கு முந்தையதை மட்டும் கூட்டி, கட்டியதில் இன்று வரையிலான எல்லாவற்றையும் கழிக்கிறோம். கட்டும் பணம் பழைய கடனையே முதலில் தீர்க்கும் என்ற கடை வழக்கம் இதில் அடங்கிவிடுகிறது. K014 ஏப்ரல் 5-இல் 22.00-க்கு வாங்கி, 7-ஆம் தேதி 100.00 கட்டினார் என்றால், மொத்தப் பாக்கி 30.55, பழைய பாக்கி 8.55. ஏப்ரல் 8-இல் அவரிடம் கேட்க வேண்டியது 8 வெள்ளி 55 காசு மட்டுமே, மற்ற 22 வெள்ளிக்கு மே வரை நேரம் இருக்கிறது. இந்தப் பாகுபாடு கையில் இருந்தால், கொடுத்துவிட்டுப் போன மறுநாளே முழுப் பாக்கியைச் சொல்லி ஒருவரைச் சங்கடப்படுத்த நேராது.

விடை எதிர்மறையாக வந்தால் பழைய கடன் எதுவும் இல்லை என்று கொள்ளலாம். தேதி எழுத்தாக நிற்கும் வரியை இந்தச் சூத்திரம் கூட்டாது என்பதால், முந்தைய பகுதியின் திருத்தத்தை முடித்த பிறகே இதை வைக்க வேண்டும்.

அறிகுறி: பாக்கி 0.00 என்று இருக்கிறது, ஆனாலும் வரி சிவப்பாக நிற்கிறது

கணினி தசமத் தொகைகளை இரண்டடிமான முறையில் சேமிப்பதால், பல கூட்டல் கழித்தலுக்குப் பிறகு காசின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான மிச்சம் ஒட்டிக்கொள்ளும். திரையில் அது 0.00 என்றே தெரியும், ஆனால் 0-ஐவிடப் பெரிதா என்று கேட்கும் நிறவிதிக்கு அது பெரிதுதான். ROUND இல்லாத பழைய சூத்திரங்களில் மட்டுமே இது வரும்.

0.02 அல்லது -0.02 என்று உண்மையாகவே காசு மிஞ்சி நின்றால் அது வேறு காரணம். 1 ஏப்ரல் 2008 முதல் ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தம் அருகிலுள்ள 5 காசுக்குச் சுற்றப்படுகிறது. வங்கி வழியாகக் கட்டினால் சுற்றுவதில்லை. நிறுத்து விற்கும் வெங்காயத்தாலும் கருவாட்டாலும் பாக்கி 38.73 என்று வந்தால், ரொக்கம் கொடுப்பவர் 38.75 கொடுப்பார், டூயிட்நவ் அனுப்புபவர் 38.73 அனுப்புவார். முதலாமவர் கணக்கில் -0.02 நிற்கும். கட்டிய தொகையை 38.73 என்று மாற்றி எழுதினால் மாலையில் கல்லாப்பெட்டி ஒத்துப்போகாது. வாங்கியபோதே தொகையைச் சுற்றி எழுதிவைத்தால் டூயிட்நவ் அனுப்புபவரிடம் காசு கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கியதாகிவிடும். ஆகவே ரொக்கமாகக் கட்டிக் கணக்கைத் தீர்க்கும் அந்த நாளில் மட்டும், சுற்றல் என்ற விவரத்துடன் தனி வரி எழுதி, D-யில் 0.02 போடுங்கள். 38.72-க்கு 38.70 வாங்கியிருந்தால் அதே சுற்றல் வரியில் E-யில் 0.02 போடுங்கள். விவரப் பட்டியலில் சுற்றல் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால், மாத முடிவில் அதை மட்டும் வடிகட்டி, மொத்தத்தில் எத்தனை காசு கூடியது, எத்தனை காசு குறைந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.